காற்றும் இல்லை, 5 கிலோமீற்றர் தெரிகிறது, பிறகேன் பிளேன் திரும்பிப் போனது?

பரந்தன்_மருமகன் | மார்கழி 27, இரவு 9.10

மூன்று நாளாக மனதில் கிடந்து அரிக்கிறது, அதனால் எழுதுகிறேன். 24ஆம் திகதி காலை மாமி சென்னையில் இருந்து பலாலிக்கு வரவிருந்தா. விடிய ஐந்தரைக்கு வானை எடுத்துக்கொண்டு பரந்தனில் இருந்து வெளிக்கிட்டேன், ஆனையிறவில் தூறல், சாவகச்சேரி தாண்ட தூறலும் குறைந்துவிட்டது. ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னர் வெளியில் நின்றபோது தலைக்கு மேலால் சத்தம் போனது, ஆளைக் காணவில்லை. திரும்ப ஒருமுறை சத்தம். அப்புறம் அரை மணித்தியாலம் ஒன்றும் இல்லை. பிறகு சொன்னார்கள், வானிலை சரியில்லை, பிளேன் சென்னைக்கே திரும்பிவிட்டது என்று.

நான் அதை நம்பவில்லை. போனில் விமானிகள் பார்க்கும் அந்தக் குறியீட்டு வரியைக் காட்டும் செயலி ஒன்று வைத்திருக்கிறேன். அப்போதே பார்த்துக் கொப்பியில் எழுதினேன்:

```
METAR VCCJ 240330Z 36004KT 5000 -RA BKN005 OVC012 24/23 Q1012
```

காற்று 4 நொட், பனையோலை கூட அசையவில்லை. 5000 மீற்றர் தெரிகிறது. மழை லேசானது. பைலட் பயந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். மாமி இன்னும் சென்னையில் சித்தி வீட்டில் இருந்து கத்திக்கொண்டிருக்கிறா.

வெளிக்கிடு77 | மார்கழி 27, இரவு 9.48

அண்ணை, நான் கணினியில் பிளேன் ஓட்டுகிற ஆள், இந்த வரியெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. VCCJ பலாலி. 24 திகதி, 0330Z நேரம். 36004KT காற்று வடக்கில் இருந்து 4 நொட். 5000 பார்வைத்தூரம். -RA லேசான மழை. BKN என்றால் புரோக்கன், அதாவது மேகம் உடைந்துவிட்டது, வெளிக்கத் தொடங்கிவிட்டது. 24/23 வெப்பநிலையும் பனிபடுநிலையும், Q1012 அமுக்கம். இந்த வானிலையில் நான் கண்ணை மூடிக்கொண்டு இறக்குவேன். கம்பனிக்குள் ஏதோ பிரச்சினை, வானிலையில் பழியைப் போட்டுவிட்டார்கள்.

இன்னொன்று, 0330 என்றால் விடியப்புறம் மூன்றரை. நீங்கள் பழைய வரியைப் பார்த்திருக்கிறீர்கள்.

பரந்தன்_மருமகன் | மார்கழி 27, இரவு 10.02

இல்லைத் தம்பி, Z என்றால் உலகப் பொது நேரம். எங்கள் நேரத்துக்கு ஐந்தரை கூட்ட வேண்டும், 0330 என்றால் காலை 9.00. அது எனக்குத் தெரியும், போன வருடம் இதே பிழையை விட்டு ஐந்தரை மணித்தியாலம் முந்திப் போய் நின்றவன்.

வெளிக்கிடு77 | மார்கழி 27, இரவு 10.05

ஓம், சரி. என் விளையாட்டில் நேரத்தை நான்தான் வைப்பேன், அதனால் பழக்கமில்லை.

அலம்பில்_வள்ளம் | மார்கழி 28, காலை 4.35

நான் கடலுக்குப் போகிற ஆள், பிளேனைப் பற்றித் தெரியாது. 36004 என்றால் வடக்கில் இருந்தா, வடக்குக்கா? என் போனில் இருக்கிற காற்றுப் படத்தில் அன்று அம்புக்குறி தெற்கைப் பார்த்து நின்றது. எங்கள் ஆட்கள் வாடை என்றார்கள். இரண்டில் எது சரி?

கண்டாவளை_ஐயா | மார்கழி 28, காலை 10.20

தம்பிமார், நான் வளைகுடா நாடொன்றில் விமான நிலைய வானிலைக் கந்தோரில் 11 வருடம் அவதானிப்பாளராக இருந்தவன். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் வெளியில் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து இந்த வரியை அடிப்பதுதான் வேலை.

முதலில் கடல் தம்பிக்கு. இரண்டும் சரி. வாடை வடக்கில் இருந்து வருவது, கொண்டல் கிழக்கில் இருந்து, சோழகம் தெற்குப் பக்கத்தில் இருந்து, கச்சான் மேற்கில் இருந்து. உங்கள் பெயர்கள் எல்லாம் காற்று வரும் பக்கத்தைச் சொல்கின்றன, இந்த வரியும் அப்படித்தான். 360 வாடை, 090 கொண்டல், 270 கச்சான். உங்கள் போன் படத்தின் அம்பு காற்று போகும் பக்கத்தைக் காட்டுகிறது. குழப்பம் படத்தில், வரியில் இல்லை.

இனிப் பரந்தன் தம்பிக்கு. நீங்கள் காற்றையும் பார்வைத்தூரத்தையும் பார்த்தீர்கள், பிளேன் திரும்பியதற்கான காரணம் அடுத்த துண்டில் நிற்கிறது. BKN005. விளையாட்டுத் தம்பி அதை உடைந்த மேகம் என்று மொழிபெயர்த்ததில்தான் எல்லாம் பிழைத்தது. வானத்தை எட்டுப் பங்காக நினையுங்கள். ஒன்று இரண்டு பங்கு மேகம் என்றால் FEW, மூன்று நாலு என்றால் SCT, ஐந்து முதல் ஏழு வரை BKN, எட்டும் மூடினால் OVC. எட்டில் ஏழு பங்கு மூடி ஒரு மூலையில் மட்டும் ஓட்டை இருந்தாலும் அது BKN தான். வெளிப்பதற்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தமே இல்லை, அன்று வானம் கூடிய பங்கு மூடித்தான் கிடந்தது.

005 என்பது நூறு அடிக் கணக்கு, 500 அடி. அடியை மீற்றர் ஆக்கினால் கிட்டத்தட்ட 150. ஒரு வளர்ந்த பனையை 30 மீற்றர் என்று வைத்தால், ஐந்து பனையை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்திய உயரத்தில் மேகத்தின் அடி நிற்கிறது. கீழே நிற்கும் உங்களுக்கு அது தாராளம், பனை எல்லாம் வடிவாகத் தெரியும், ரோட்டில் ஐந்து கிலோமீற்றர் தூரத்தில் வருகிற லைட்டும் தெரியும். மேலே இருப்பவர் பால்சட்டிக்குள் இருக்கிறார்.

வெளிக்கிடு77 | மார்கழி 28, காலை 10.41

ஐயா, அப்ப BKN விஷயத்தில் நான் இவ்வளவு காலமும் பிழையாகவா ஓட்டினேன்? சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 500 அடியில் மேகம் விட்டதும் ஓடுபாதை தெரியும்தானே, அங்கே இருந்து இறங்கினால் என்ன? அத்தோடு அது கடல் மட்டத்தில் இருந்து 500 அடி, உயரமானியைப் பார்த்தால் தெரியும்.

கண்டாவளை_ஐயா | மார்கழி 28, பின்னேரம் 4.15

கடல் மட்டம் இல்லை. மேகத்தின் உயரம் அந்த விமான நிலையத்தின் தரையில் இருந்து. பலாலி கடலோடு ஒட்டிய தட்டை நிலம் என்பதால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அதனால்தான் உமது பிழை உமக்குத் தெரியவில்லை. காத்மாண்டுவை எடும், அங்கே ஓடுபாதையே 4300 அடிக்கு மேலே கிடக்கிறது. அங்கே FEW015 என்றால் கடல் மட்டத்தில் இருந்து 5800 அடிக்கு மேலே மேகம்.

இனி இறங்குவதைப் பார்ப்போம். இறங்கும் பிளேன் வழமையாக மூன்று பாகைச் சரிவில் வரும். அந்தச் சரிவில் 500 அடி உயரத்தில் நிற்கும்போது ஓடுபாதையின் தொடக்கம் கிட்டத்தட்ட 3 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும். இரட்டை விசிறிச் சின்னப் பிளேன் இறங்கும் வேகம் 110, 120 நொட், செக்கனுக்கு 60 மீற்றர் என்று வையும். 3 கிலோமீற்றருக்கு 50 செக்கன். மேகத்தை விட்டு வெளியே வந்த அந்த 50 செக்கனுக்குள் ஓடுபாதையைக் கண்டுபிடித்து, விலகி நின்றால் நேராக்கி, இறக்க வேண்டும். அதுவும் மழைத் துளி படிந்த கண்ணாடிக்குப் பின்னால்.

அதனால்தான் ஒவ்வொரு இறங்குமுறைக்கும் ஒரு குறைந்த உயரம் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த உயரத்துக்கு வந்தும் ஓடுபாதையோ அதன் லைட்டோ தெரியாவிட்டால் மேலே ஏற வேண்டும், அதில் பேச்சுவார்த்தை இல்லை. நிலத்தில் நல்ல இறங்குவழிக் கருவி இருந்தால் சாதாரண வகைக்கே 200 அடி வரை விடுவார்கள். கருவி எளிதானதாக இருந்தால் அந்த எல்லை பல நூறு அடிக்கு ஏறிவிடும். ஓடுபாதைக்கு ஓடுபாதை, கருவிக்குக் கருவி மாறும். ஒரு பேச்சுக்கு எல்லை 600 என்று வையும், மேகத்தின் அடி 500. பைலட் 600க்கு வருகிறார், சுற்றி வெள்ளை, ஏறிவிடுகிறார். நூறு அடி கீழே போனால் எல்லாம் தெரியும், ஆனால் போகக் கூடாது. நீங்கள் கேட்ட முதல் சத்தம் அது. இரண்டாவது சத்தம் இரண்டாவது முயற்சி.

அந்த 500ஐயும் கல்லில் எழுதியது என்று எடுக்க வேண்டாம். உயரத்தை நூறு நூறாகக் கீழ்ப்பக்கம்தான் வெட்டுவோம், 590 அடி என்றாலும் 005 என்றுதான் அடிப்போம்.

பரந்தன்_மருமகன் | மார்கழி 28, இரவு 8.30

வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பைலட் பயந்தார் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். மாமிக்குப் போன் எடுத்துச் சொன்னேன், “ஐஞ்சு பனை உயரம்தானே, எட்டிப் பார்த்திருக்கலாம்” என்றா.

ஆனால் ஒரு சந்தேகம் போகவில்லை. BKN005 என்று வரியில் இருக்கிறது, அந்த 005ஐ யார் அளந்தது? மேகத்தில் நாடா பிடிக்க முடியாதே.

கண்டாவளை_ஐயா | மார்கழி 29, காலை 9.05

நல்ல கேள்வி. நிலத்தில் ஒரு பெட்டி, அதில் இருந்து லேசர் கதிர் நேரே மேலே போகும், மேகத்தில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்து உயரம் சொல்லும். உயரத்துக்கு அதை நம்பலாம். பிரச்சினை அது ஒரே ஒரு புள்ளியை மட்டும் பார்ப்பதில். மேகத்தில் ஓட்டை ஒன்று பெட்டிக்கு மேலே வந்து நின்றால் வானம் வெளி என்று சொல்லும், சுற்றி எல்லாம் மூடிக் கிடக்கும். ஆள் இல்லாமல் கருவி மட்டும் அனுப்பும் வரியில் AUTO என்று இருக்கும், அதைப் பார்த்தால் இதை நினைவில் வையுங்கள். அப்படியான கருவி, கடந்த அரை மணித்தியாலம் தனக்கு மேலால் கடந்தவற்றைக் கூட்டித்தான் எட்டில் எத்தனை என்று கணிக்கும்.

ஆள் இருக்கும் இடத்தில் எட்டில் எத்தனை என்பது கண்மதிப்பு. பகலில் பரவாயில்லை. நிலவில்லாத இரவில் நான் நட்சத்திரத்தை எண்ணுவேன், எந்தப் பக்கம் நட்சத்திரம் இல்லையோ அந்தப் பக்கம் மேகம். ஒருமுறை BKN போட்டேன், என் மேலாளர் வெளியில் வந்து பார்த்துவிட்டு SCT என்றார், நாலா ஐந்தா என்று இருவரும் வாக்குவாதப்பட்டு நிற்க மேகம் போய்விட்டது. சிரிப்பாக இருந்தாலும் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்தான் கோடு. BKN அல்லது OVC வந்தால்தான் அதை வானத்தின் கூரை என்று கணக்கெடுப்பார்கள். 500 அடியில் SCT என்றால் கூரை இல்லை, இடைவெளி கூட.

தம்பி எழுதிய வரியில் அவதானிப்பாளர் சரியாகத்தான் போட்டிருக்கிறார் என்பதற்கு உள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறது. 24/23. வெப்பநிலைக்கும் பனிபடுநிலைக்கும் ஒரு பாகைதான் வித்தியாசம். ஒரு பாகை வித்தியாசத்துக்கு மேகத்தின் அடி சுமார் 400 அடி என்று பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு. நிலத்தோடு கிடக்கும் மழைமேகத்துக்கு அது அச்சாகப் பொருந்தாது, பாகையையும் முழு எண்ணாக்கித்தான் எழுதுவோம், என்றாலும் 400க்கும் 500க்கும் நல்ல பொருத்தம். வரியில் 24/23 இருந்து மேகம் மட்டும் 3000 என்று வந்திருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

விசுவமடு_நெல் | மார்கழி 30, பின்னேரம் 6.20

தலைப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். எங்களுக்குத் தை நடுப்பகுதியில் வெட்டு, வெட்டு மெஷினுக்கு நாள் எடுக்க வேண்டும், காயப்போட வெயில் வேண்டும். மகன் இப்படி ஒரு வரி காட்டினான், அதில் PROB30 TEMPO RA என்று இருந்தது. 30 வீதமான மழை என்றால் நெல்லுக்குப் பரவாயில்லைத்தானே? எத்தனை மில்லிமீற்றர் வரும்?

வெளிக்கிடு77 | மார்கழி 30, பின்னேரம் 6.33

அக்கா அது மழையின் அளவு இல்லை, வருமா வராதா என்பதற்கான வாய்ப்பு. 30 வீதம். என் கணக்குப்படி 70 வீதம் வராது, தைரியமாகக் காயப்போடுங்கள்.

கண்டாவளை_ஐயா | மார்கழி 30, இரவு 7.50

காயப்போடாதேங்கோ பிள்ளை, அந்த வரியை வைத்து. அது டாஃப், விமான நிலைய எதிர்வுகூறல். மெற்றார் இப்போது என்ன என்று சொல்லும், டாஃப் இனி என்ன என்று சொல்லும். இலங்கையில் எந்த டாஃப் என்றாலும் அது ஓடுபாதையைச் சுற்றிச் சுமார் 8 கிலோமீற்றருக்கு மட்டும், கூடிப்போனால் 30 மணித்தியாலத்துக்கு மட்டும். பலாலியில் இருந்து விசுவமடு எவ்வளவு தூரம்? தை நடுப்பகுதி எவ்வளவு தூரம்?

வாய்ப்பு என்று தம்பி சொன்னது சரி. ஆனால் அந்த எண் 30 அல்லது 40 மட்டும்தான் வரும். அதற்குக் குறைவென்றால் எழுதமாட்டார்கள், 50 அல்லது கூட என்றால் வாய்ப்பு என்று சொல்லாமல் நேரடியாகவே எழுதிவிடுவார்கள். மழையின் அளவு இந்த வரிகளில் வராது. - போட்டால் லேசு, + போட்டால் பலம், அவ்வளவுதான்.

விசுவமடு_நெல் | மார்கழி 30, இரவு 8.14

எட்டுக் கிலோமீற்றருக்குத்தான் என்றால் பேந்தேன் என் மகனின் போனில் எங்கள் ஊர்ப் பெயருக்குக் கீழே காட்டுகிறது?

கண்டாவளை_ஐயா | மார்கழி 30, இரவு 8.31

அதுதான் செயலியின் கெட்டித்தனம். கிட்ட இருக்கும் நிலையம் எதுவோ அதைக் காட்டும். கிட்ட என்றால் அதற்கு 60, 70 கிலோமீற்றரும் கிட்டத்தான்.

பரந்தன்_மருமகன் | தை 1, காலை 7.40

வருடப் பிறப்பு, பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது, வேலை இல்லை. கொப்பியைப் புரட்டினேன். முதல் நாள் இரவு நான் டாஃபையும் எழுதி வைத்திருக்கிறேன், மறந்துபோனேன்.

```
TAF VCCJ 232300Z 2400/2424 02008KT 8000 SCT012 BKN080
TEMPO 2402/2406 4000 RA BKN006
```

இரவு என்று எழுதினேனா, இல்லை, 2300Z என்றால் எங்கள் 24ஆம் திகதி விடிய 4.30. வெளிக்கிட முதல் எழுதியிருக்கிறேன். பார்த்தீர்களா, மற்றவருக்குச் சொல்லிக்கொடுத்த ஆளே இரண்டாம் முறையும் பிழை விடுகிறார். 23ஆம் திகதி என்று வரியில் இருக்கிறது, எங்களுக்கு 24.

2402/2406 என்பதை இப்போது விளங்கிக்கொண்டேன்: 24ஆம் திகதி 02 மணி முதல் 06 மணி வரை, எங்கள் நேரம் 7.30 முதல் 11.30. அப்படியென்றால் BKN006 வரலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள். தெரிந்துகொண்டே ஏன் பிளேனை வெளிக்கிட விட்டார்கள்? இப்போது கோபம் பைலட்டில் இருந்து வேறு ஆட்களுக்கு மாறிவிட்டது.

கண்டாவளை_ஐயா | தை 1, காலை 11.00

TEMPO என்ற சொல்லில் எல்லாம் இருக்கிறது. அந்த நாலு மணித்தியாலமும் அப்படி இருக்கும் என்று அர்த்தமில்லை. வந்து வந்து போகும், ஒவ்வொரு முறையும் ஒரு மணித்தியாலத்துக்குக் குறைவாக, எல்லாம் கூட்டினாலும் அந்தக் காலத்தின் பாதிக்குக் குறைவாக. அதாவது மொத்தம் இரண்டு மணித்தியாலத்துக்கு உள்ளே. மாறி அப்படியே நிற்கும் என்று நினைத்தால் BECMG என்று எழுதுவார்கள். ஆகவே வெளிக்கிடும்போது கணக்கு இப்படி: போகிறோம், மோசமாக இருந்தால் மேலே சுற்றுகிறோம், ஒரு மணித்தியாலத்துக்குள் விலகும், இறங்குகிறோம். அதற்கு எண்ணெயும் கூடப் போடுவார்கள், திரும்பிப் போகவும் போடுவார்கள். அன்று சுற்றிப் பார்த்தார்கள், விலகவில்லை, எண்ணெய் ஒரு கோட்டுக்கு வந்ததும் திரும்பினார்கள்.

தம்பி, அன்று எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தது?

பரந்தன்_மருமகன் | தை 1, காலை 11.20

நான் பதினொன்றரை வரை நின்றேன். கன்ரீனில் இரண்டு பிளேன்டீ. எட்டரையில் இருந்து கிளம்பும் வரைக்கும் அதே சாம்பல் வானம். மூன்று மணித்தியாலம்.

கண்டாவளை_ஐயா | தை 1, காலை 11.26

அப்ப எதிர்வுகூறல்தான் பிழைத்தது. என்ன வரும் என்பதில் இல்லை, எவ்வளவு நேரம் நிற்கும் என்பதில். வந்தது 4000க்குப் பதில் 5000, 006க்குப் பதில் 005, அது நல்ல கணிப்பு. TEMPO என்று போட்டது ஒரு பேரம், பேரம் தோற்றது. அப்படித் தெரிந்ததும் திருத்திய வரி அனுப்புவார்கள், TAF AMD என்று தொடங்கும். நீங்கள் பார்த்தது பழையது.

அலம்பில்_வள்ளம் | தை 3, பின்னேரம் 5.10

இரண்டு நாள் கடல். ஐயா, உங்கள் பாடத்துக்குப் பிறகு நானும் இந்த வரியைப் பார்க்கிறேன். நேற்று இரவு ஒரு நிலையத்துக்கு CAVOK என்று இருந்தது, மகள் தேடிப் பார்த்து வானம் நல்லது என்றாள். வெளியில் பார்த்தால் நிலா கோட்டை கட்டியிருக்கிறது! எங்கள் அப்பு சொல்லுவார், நிலா கோட்டை கட்டினால் மேலே மேகம் இருக்கிறது என்று. யார் பொய் சொல்கிறார்கள்?

இன்னொன்று. காற்று 24018 என்றால் 18 நொட். எங்களுக்கு 18 பிரச்சினை இல்லை, இடையில் அடிக்கிற அடிதான் வள்ளத்தைப் புரட்டும். அது எங்கே எழுதியிருக்கிறது?

வெளிக்கிடு77 | தை 3, பின்னேரம் 5.25

இது எனக்குத் தெரியும்! G போட்டு எழுதுவார்கள். 24018G30KT என்றால் 18 நொட், இடையில் 30 வரை அடிக்கும். G இல்லை என்றால் அடி இல்லை, நிம்மதியாகப் போகலாம்.

கண்டாவளை_ஐயா | தை 3, இரவு 7.15

கடைசி வசனத்தை அழித்துவிடும் தம்பி, ஒருவர் அதை நம்பிக் கடலுக்குப் போகிறார். 18 என்பது பத்து நிமிடச் சராசரி. அடி அந்தச் சராசரியை விடப் பத்து நொட்டோ அதற்கு மேலோ கூடினால்தான் G எழுதுவோம். 27 வரை அடித்தாலும் 24018KT என்று வெறுமனே நிற்கும். அதோடு இது நிலத்தில் பத்து மீற்றர்க் கம்பத்தில் அளந்தது, திறந்த கடலில் காற்றைத் தடுக்க மரமும் இல்லை மதிலும் இல்லை. கடலுக்கு மீனவர் அறிவித்தல்தான், இந்த வரி இல்லை.

CAVOK சொன்ன மகளும் சரி, நிலாவைப் பார்த்த நீங்களும் சரி. அந்தச் சொல் பைலட்டுக்குச் சிக்கலான மேகம் இல்லை என்றுதான் சொல்கிறது: பார்வைத்தூரம் 10 கிலோமீற்றர் அல்லது கூட, 5000 அடிக்குக் கீழே மேகம் இல்லை, மலைநாட்டுப் பக்கம் அந்த 5000 இன்னும் உயரும், இடிமேகம் எந்த உயரத்திலும் இல்லை, மழையும் இல்லை. நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டுவது 20,000 அடிக்கும் மேலே கிடக்கும் பனித்துகள் மேகம். அதை இந்தச் சொல் கணக்கெடுப்பதே இல்லை. அப்பு பார்த்தது நாளைய வானம், வரி பார்த்தது இன்றைய ஓடுபாதை.

வெளிக்கிடு77 | தை 3, இரவு 7.22

இந்த இழை அழிக்க விடாது ஐயா. அண்ணை, நான் சொன்னதைக் கேட்காதீங்கோ.

கண்டாவளை_ஐயா | தை 4, காலை 6.50

இரவு படுத்துக்கிடந்து யோசித்தேன், நானும் ஒன்றை விட்டுவிட்டேன். 360 வாடை என்றேன், அந்த வடக்கு எந்த வடக்கு என்று சொல்லவில்லை. மெற்றாரில் பூமியின் உண்மை வடக்கு. ஓடுபாதைக்கு இடும் எண் திசைகாட்டி காட்டும் வடக்கில் இருந்து. பலாலியின் ஓடுபாதை 05, மறுபக்கம் 23, கட்டுநாயக்கா 04, 22. இரண்டும் வாடைக்கும் சோழகத்துக்கும் முகம் கொடுத்துக் கிடக்கின்றன, போட்டவர்கள் காற்றைப் பார்த்துத்தான் போட்டார்கள். எங்கள் பக்கம் இரண்டு வடக்கும் இரண்டு மூன்று பாகைதான் விலகுகின்றன, அதனால் நாங்கள் கவலைப்படத் தேவையில்லை. வட கனடாவில் அந்த விலகல் இருபதுக்கும் போகும், அதனால் அங்கே ஓடுபாதை எண்ணையும் உண்மை வடக்கில் இருந்துதான் இடுகிறார்கள்.

வெளிக்கிடு77 | தை 4, காலை 8.10

ஒரு பகிடி பிடித்தேன். எங்கள் நிலையங்கள் எல்லாம் VC என்று தொடங்குகின்றன, VCCJ, VCBI. சில வரிகளில் VCSH என்று வந்தது, இலங்கையில் புதிதாக ஒரு ஏயர்போட் திறந்துவிட்டார்கள் என்று அரை மணித்தியாலம் வரைபடத்தில் தேடினேன். அது “அயலில் மழைப்பாட்டம்” என்று பொருளாம். நிலையத்துக்கு மேலே இல்லை, 8 முதல் 16 கிலோமீற்றர் தள்ளி.

விசுவமடு_நெல் | தை 4, காலை 8.40

அது எங்களைப் போல. பக்கத்து வயலில் பெய்யும், எங்களில் பெய்யாது. மெஷின்காரன் 17ஆம் திகதி வருகிறானாம்.

பரந்தன்_மருமகன் | தை 9, மதியம் 1.15

மாமி வந்துவிட்டா. இன்று காலை வரி:

```
METAR VCCJ 090330Z 04009KT 9999 SCT018 27/22 Q1013
```

04009 காற்று, 05 ஓடுபாதைக்கு நேரே முகத்தில். SCT என்றால் கூரை இல்லை. 27க்கும் 22க்கும் ஐந்து பாகை, ஐயாவின் கைக்கணக்குப்படி 2000 அடி, வரியில் 1800. வெளியில் நின்று மேலே பார்த்தேன், மேகத்துக்கு நடுவே நீலம் தெரிந்தது, பிளேன் வருவது தூரத்திலேயே தெரிந்தது.

இன்னும் ஒன்றுதான் தெளியவில்லை. அன்று சென்னைக்குத் திரும்பாமல் கட்டுநாயக்காவுக்குப் போயிருந்தால் பஸ்சில் ஏற்றியாவது அனுப்பியிருப்பார்களே என்று மாமி கேட்கிறா.

கண்டாவளை_ஐயா | தை 9, பின்னேரம் 3.30

அதை வரியில் தேட வேண்டாம், அது கம்பனிக் கணக்கு. எண்ணெய், குடிவரவு, மறுநாள் அந்தப் பிளேன் எங்கே நிற்க வேண்டும். மாமியிடம் கேளுங்கள், கட்டுநாயக்காவில் இருந்து பரந்தனுக்கு அந்த மழையில் ஏழு மணித்தியாலம் பஸ்சில் வந்திருப்பாவா?

பரந்தன்_மருமகன் | தை 9, பின்னேரம் 3.52

கேட்டேன். ஜன்னல் சீட் என்றால் வந்திருப்பாவாம்.